இறுதி நாட்களில் மயக்க மருந்து: பக்கத்தில் இருப்பவர்கள் என்ன பார்ப்பார்கள்?

இறந்தவரின் வீட்டார் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து கேட்கும் கேள்விகளில் ஒன்று மாறுவதே இல்லை. "அந்த ஊசி போட்டதாலதான் போயிட்டாரா, டாக்டர்?" கேட்பவரின் குரலில் கோபம் இருக்காது. பெரும்பாலும் "சரி, போடுங்க" என்று அன்றைக்குத் தலையாட்டியவரே அவராகத்தான் இருப்பார். ஊசி போட்டார்கள், தூங்கினார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்ற வரிசையில் அந்த மூன்று நாட்கள் அவர் மனதில் பதிந்துவிட்டன. அந்த வரிசைக்கு உள்ளே உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியின் பாரம் பாதியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மயக்கம் கொடுக்க வேண்டிய நிலைமைகள் பல உண்டு. அடங்காத மூச்சுத்திணறல், நிற்காத வலிப்பு, திடீரென்று பீறிடும் ரத்தப்போக்கு, எதற்கும் கட்டுப்படாத வலி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைசி நாட்களில் வரும் சன்னி, அதாவது ஆள் நிலைகொள்ளாமல் தவிக்கும் குழப்ப நிலை. மயக்கம் கொடுக்க மிக அடிக்கடி காரணமாக அமைவது இதுதான். குடும்பத்தை அதிகம் உலுக்குவதும் இதுதான்.

முதலில் தேடல், அப்புறம்தான் மயக்கம்

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல, இப்படிப்பட்ட பலரைப் பார்த்ததில் இருந்து சேர்த்தெடுத்த உதாரணம். எழுபத்திரண்டு வயது, நுரையீரல் புற்றுநோய், எடை ஐம்பது கிலோ. சிறுநீரகம் ஓரளவு வேலை செய்கிறது. ஒரு வாரமாகப் படுக்கையை விட்டு எழவில்லை, இரண்டு மூன்று வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் ஓடுகிறது. இரண்டு இரவாகத் தூக்கமில்லை. போர்வையை இழுத்து எறிகிறார், சட்டைப் பொத்தானைப் பிடுங்குகிறார், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். மகளைப் பார்த்து "யாரும்மா நீ?" என்கிறார். அடுத்த நிமிடமே பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

இதைப் பார்த்தவுடன் தூக்க மருந்துக்குக் கை நீட்டுவது தவறு. தவிப்புக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது முதல் வேலை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர் வெளியேறாமல் பை நிரம்பிக் கிடந்தால், வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் இப்படித்தான் புரளுவார். மலம் இறுகிக் கிடந்தாலும் இதே கதைதான். மார்ஃபின் உடம்பில் தேங்கிப்போனால் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், குழப்பமும் கூடும். அப்போது அளவைக் குறைக்கவோ வேறு வலி மருந்துக்கு மாற்றவோ வேண்டும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், கிருமித்தொற்று இருக்கலாம். பல வருடம் புகைத்தவருக்கோ குடித்தவருக்கோ அது திடீரென்று நின்றுபோனதே தவிப்பாக வெளிப்படலாம்.

நம் உதாரண நோயாளிக்கு அடிவயிறு கல்லாக இருந்தது. குழாய் போட்டதும் எழுநூறு மில்லி சிறுநீர் வந்தது, நான்கு மணி நேரம் அமைதியாகத் தூங்கினார். அதோடு முடிந்திருந்தால் மயக்க மருந்து என்ற பேச்சே வந்திருக்காது. பலருக்கு அப்படி முடிவதும் உண்டு. ஆனால் இவருக்கு அன்று சாயங்காலமே தவிப்பு திரும்பிவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்தியாயிற்று. சன்னிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹாலோபெரிடாலைத் தோலுக்கடியில் ஒரு மில்லிகிராம் போட்டு, சில மணி நேரம் கழித்து இன்னொரு மில்லிகிராமும் போட்டாயிற்று. பலனில்லை. நாடி, ரத்த அழுத்தம், கைகால் வெப்பம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சில நாட்கள்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது.

மயக்கம் கொடுக்கலாமா என்ற கேள்வி இப்போதுதான் முறையாக எழுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, நினைவைக் குறைக்காமல் இந்தத் துன்பத்தைத் தணிக்க வேறு வழி இல்லை, அல்லது இருக்கிற வழி பலிக்க எடுக்கும் நேரம் நோயாளியிடம் இல்லை. இரண்டு, மரணம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ நெருங்கியிருக்கிறது. தொடர்ந்து ஆழ்ந்த மயக்கம் கொடுப்பதற்கு அதிகபட்சம் இரண்டு வாரம் என்று பல வழிகாட்டுதல்கள் எல்லை வைக்கின்றன. ஐரோப்பிய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் 2009-ல் வெளியிட்ட பத்து அம்ச நெறிமுறை உட்பட இந்தத் துறையின் ஆவணங்கள் பலவற்றுக்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை. இரண்டாவது நிபந்தனை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முடிவு யாருடையது? நோயாளி தெளிவாக இருந்தபோது "என்னால் தாங்க முடியாமல் போனால் தூங்க வைத்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்குத்தான் முதல் மதிப்பு. அவரால் சொல்ல முடியாத நிலையில் குடும்பத்திடம் கேட்கிறோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி "போடட்டுமா?" என்பது அல்ல. "அவர் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்பதே சரியான கேள்வி. மருத்துவ முடிவின் பொறுப்பு மருத்துவக் குழுவுடையது, அதை மகள் தலையில் இறக்கிவைக்கக் கூடாது. மயக்கம் கொடுக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் ஜப்பானில் நடத்தி 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலோர் சிகிச்சையில் திருப்தி சொன்னார்கள். ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கடுமையான மனவேதனையையும் சொன்னார்கள். முடிவெடுத்த பாரம் தங்கள் மேல் விழுந்ததாக உணர்ந்ததும், வரப்போகும் மாற்றங்களுக்குத் தயாராக இல்லாததும் அந்த வேதனையோடு சேர்ந்தே வந்தன.

மருந்தும் அளவும்

முதலில் எடுப்பது பெரும்பாலும் மிடாசோலம். பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் தரும் மருந்து. தோலுக்கடியில் போடலாம் என்பதால் நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் உடம்பில் பாதி கழிந்துவிடும், அதனால் அளவை ஏற்றவும் இறக்கவும் எளிது. மார்ஃபினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவும் செய்யலாம்.

நம் நோயாளிக்கு மாலை ஆறு மணிக்கு மேல்கையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்றைப் பொருத்தி, 2.5 மில்லிகிராம் மிடாசோலம் போடுகிறோம். அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறோம். கை அலைபாய்வது குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. இன்னொரு 2.5 போட்டதும் இருபது நிமிடத்தில் தூங்குகிறார். அப்புறம் ஒரு சிறிய பம்ப் மூலம் இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பத்து மில்லிகிராம் வீதம் ஓட ஆரம்பிக்கிறது. மணிக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. இவரைவிட வயதில் மூத்தவராகவோ சிறுநீரகம் பழுதானவராகவோ இருந்தால் இன்னும் குறைவாகத் தொடங்குவோம்.

அந்த இரவில் மூன்று முறை தவிப்பு எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் 2.5 மில்லிகிராம் கூடுதலாகப் போடுகிறார் செவிலியர், நேரத்தோடும் காரணத்தோடும் எழுதி வைக்கிறார். காலை எட்டு மணிக்குக் கணக்குப் பார்க்கிறோம். பம்பில் நாளுக்குப் பத்து, கூடுதலாக ஏழரை, ஆகப் பதினேழரை. அதனால் பம்பை நாளுக்கு இருபதாக மாற்றுகிறோம். அன்று மதியம் அமைதியாக இருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறார். இதற்கு மேல் ஆழமாக அவரைத் தூங்க வைக்க எந்தக் காரணமும் இல்லை. தவிப்பு அடங்கிய இடத்தில் அளவும் நிற்க வேண்டும். மயக்கத்தின் ஆழம் இங்கே இலக்கே அல்ல. லேசான தூக்கமே சிலருக்குப் போதும், சிலருக்கு எழுப்ப முடியாத ஆழம் வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்த இரவில் ஒரு பிரச்சினை. படுக்கைப் புண் வராமலிருக்கப் புரட்டிப் படுக்க வைக்கும்போது முனகி முகம் சுளிக்கிறார். அதற்காக பம்பை ஏற்றத் தேவையில்லை. புரட்டுவதற்கு இருபது நிமிடம் முன்பே 2.5 போட்டால் போதும். பம்ப் இருபதிலேயே நிற்கிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மிடாசோலம் எல்லோருக்கும் பலிக்காது. சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, தூக்கத்துக்குப் பதிலாகத் தவிப்பையே கூட்டிவிடும். போட்ட அரை மணி நேரத்தில் ஆள் முன்னைவிட மோசமானால் அதை நினைக்க வேண்டும், மேலும் மேலும் போடக் கூடாது. நாட்கள் போகப் போக உடம்பு பழகிப்போய் அதே அளவு போதாமல் போவதும் உண்டு. நாளுக்கு முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போனால் இன்னொரு வகை மருந்தைச் சேர்ப்பது நல்லது. சன்னிக்கு லெவோமெப்ரோமசினோ குளோர்புரோமசினோ சேர்ப்பார்கள். இவை குழப்பத்தையும் தணிக்கும், தூக்கமும் தரும். ஆனால் ஒரு நாளுக்கும் மேல் உடம்பில் தங்கக்கூடியவை, அவசரமாகக் குறைக்க முடியாது. ஹாலோபெரிடாலோடு, மிடாசோலத்தின் வகையைச் சேர்ந்த லோராசெபாமைச் சேர்த்துக் கொடுத்தால் தவிப்பு அதிகம் குறைகிறது என்பதை ஹூஸ்டனில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவையும் தோற்றால் ஃபீனோபார்பிட்டால். பழைய வலிப்பு மருந்து, உடம்பில் நாட்கணக்கில் தங்கும், மற்ற மருந்துகளோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. இவர்களில் மிகச் சிலருக்கே புரோபோஃபால் வரை போக வேண்டியிருக்கும். அறுவை அரங்கில் பயன்படும் மருந்து அது. நரம்பில் மட்டுமே போட முடியும், அனுபவமுள்ள மருத்துவர் கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும்.

மார்ஃபினை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. மார்ஃபின் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரிய மருந்து. தூங்க வைப்பதற்காக அதை ஏற்றிக்கொண்டே போவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. தேவைக்கு மேல் ஏறிய மார்ஃபின் கைகால் இழுப்பையும் குழப்பத்தையும் தரும். எந்தத் தவிப்பை அடக்கப் போனோமோ அதுவே கூடும். அதேசமயம் மயக்கம் தொடங்கிவிட்டது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மார்ஃபினை நிறுத்தவும் கூடாது. தூங்குகிறவருக்கு வலி இல்லாமல் போய்விடவில்லை, அதைச் சொல்ல முடியாமல்தான் போயிருக்கிறது.

கட்டிலருகே என்ன தெரியும்

முதல் ஒரு மணி நேரத்தில் மாற்றம் மெதுவாக வரும். நெற்றிச் சுருக்கம் தளரும், விரல்கள் போர்வையை விடும், புலம்பல் முனகலாகி நிற்கும். சினிமாவில் காட்டுவதுபோல ஊசி போட்ட நொடியில் தலை சாயாது. இடையில் திடீரென்று கண்ணைத் திறந்து யாரையாவது தேடலாம். மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். தவிப்பு இல்லாமல் கண் விழிப்பதில் ஒரு தவறும் இல்லை. முகம் சுளிப்பது, முனகுவது, தோள் இறுகுவது, மூச்சுக்கு வயிறும் கழுத்தும் சேர்ந்து உழைப்பது ஆகியவைதான் செவிலியரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள். இந்த விஷயத்தில் எங்களைவிட நீங்கள்தான் நன்றாகக் கவனிப்பீர்கள். அவர் சாதாரணமாகத் தூங்கும் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் மயக்கம் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இவரோடு பேசும் பேச்சு அநேகமாக இதுவே கடைசியாக இருக்கலாம். நேரம் இருந்தால், தெளிவு இருந்தால், தூரத்தில் இருப்பவர்களையும் போனில் பேச வைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். இதை எடுத்துச் சொல்லாத மருத்துவக் குழு தன் கடமையில் பாதியை விட்டுவிட்டது என்றுதான் சொல்வேன். தூங்க ஆரம்பித்த பிறகும் பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். "நாங்க பேசுறது அப்பாவுக்குக் கேக்குமா?" என்று கேட்பார்கள். மயக்க மருந்து ஓடும்போது என்ன கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மரணத் தறுவாயில் பதிலே சொல்லாமல் கிடந்தவர்களின் மூளை அலைகளைக் கனடாவில் பதிவுசெய்து 2020-ல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. ஆகவே பேசுங்கள். அவர் கேட்கக் கூடாததைக் கட்டிலருகில் பேசாதீர்கள்.

அடுத்த ஓரிரு நாட்களில் உடம்பில் வேறு மாற்றங்கள் வரும். மயக்க மருந்தே பார்க்காமல் இறப்பவர்களுக்கும் வரும் மாற்றங்கள்தான் இவை, ஆனால் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பதால் மருந்தின் வேலை என்றே தோன்றும். பாதமும் விரல்களும் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் ஊதாவும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறமாகும். கண்கள் பாதி திறந்தே இருக்கும். அது விழிப்பு அல்ல, இமையை மூடும் தசை தளர்ந்துவிட்டது. கண் உலராமலிருக்க சொட்டு மருந்து விடுவார்கள்.

அப்புறம் தொண்டையில் கேட்கும் கரகரப்பு. விழுங்கும் வலு போனதால் தேங்கிய கோழைக்குள் மூச்சுப் போய் வரும் சத்தம் அது. பார்ப்பவருக்கு அவர் மூச்சுமுட்டிச் சாகிறார் என்றே தோன்றும். முகத்தைப் பாருங்கள். நெற்றி தளர்ந்திருந்தால், மூச்சுக்குப் போராட்டம் இல்லாவிட்டால், அந்தச் சத்தம் அவரைத் துன்புறுத்துவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்தினாலே பாதி குறையும். ஹயோசின் பியூட்டைல்புரோமைடு, கிளைக்கோபைரோனியம் போன்ற ஊசிகள் புதிதாகக் கோழை சுரப்பதைக் குறைக்கும், ஏற்கெனவே தேங்கியதை வற்ற வைக்காது. அதனால் சத்தம் ஆரம்பித்தவுடனே போட்டால்தான் ஓரளவு பயன். குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் அவரை உறுத்தி எழுப்புவதில்தான் முடியும்.

குடும்பத்தை அதிகம் பயமுறுத்துவது மூச்சின் போக்கு. சில மூச்சுகள் ஆழமாக வரும், படிப்படியாக மேலோட்டமாகும், அப்புறம் ஒரு நிறுத்தம். பதினைந்து வினாடி, இருபது வினாடி, சில நேரம் அதற்கும் மேல். போய்விட்டார் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு பெரிய மூச்சு. கடைசி மணி நேரங்களில் மூச்சோடு சேர்ந்து தாடையும் அசையும், நிறுத்தங்கள் நீளும்.

இது மருந்தின் வேலையா, நோயின் வேலையா என்று எப்படிப் பிரித்தறிவது? முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும். மருந்து அதிகமானதால் மூச்சு மந்தமானால், கூடுதல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ளோ பம்பை ஏற்றிய சில மணி நேரங்களிலோ அது தெரிந்துவிடும். அடுத்து மூச்சின் வடிவம். மார்ஃபின் போன்ற வலி மருந்து மிஞ்சினால் மூச்சு ஒரே சீராக மெதுவாகிக்கொண்டே வரும், கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். மிடாசோலம் மிஞ்சினால் தொண்டைத் தசை தளர்ந்து குறட்டைபோல் அடைக்கும், மூச்சு ஆழமில்லாமல் போகும். ஏறி இறங்கி நின்று மறுபடி வரும் ஒழுங்கற்ற மூச்சு, சில்லிட்ட கைகால், திட்டுத் திட்டான தோல் எல்லாம் ஒன்றுசேர்ந்து வருவது உடம்பு தானாக ஓய்ந்துகொண்டிருப்பதன் அடையாளம். இந்த எல்லைக்கோடு எப்போதும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. கடைசி நாளில் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் மருத்துவர் அடுத்த கூடுதல் அளவைத் தள்ளிப்போடுவார், அல்லது பம்பைக் குறைத்துப் பார்ப்பார். மிடாசோலம் சில மணி நேரத்தில் இறங்குவது இங்கேதான் கைகொடுக்கிறது.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாள் அதிகாலை நாலு மணிக்கு மூச்சு மாறியது. பம்பை இருபதாக மாற்றியது முந்தின நாள் காலை எட்டு மணிக்கு. இருபது மணி நேரமாக அதே அளவில் அமைதியாக, சீரான மூச்சோடு, கூப்பிட்டால் கண் திறப்பவராக இருந்திருக்கிறார். இடையில் போட்டதெல்லாம் புரட்டுவதற்கு முன் கொடுத்த 2.5 மட்டுமே, அதுவும் இரவு பத்து மணிக்கு. அன்று மாலை அவர் இறந்தார்.

பசியும் தாகமும்

"தண்ணிகூடக் குடுக்காம விட்டுட்டோமே" என்பது ஊசிக்கு அடுத்து மனதை அறுக்கும் விஷயம். இந்தக் கட்டத்தை அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயக்கம் தொடங்குவதற்குப் பல நாள் முன்பே சாப்பாட்டையும் தண்ணீரையும் தாங்களாகவே குறைத்திருப்பார்கள். உடம்பு ஏற்கும் வேலையை நிறுத்திவிட்டது. சலைன் ஏற்றுவதா வேண்டாமா என்பது மயக்கத்தோடு தானாக ஒட்டிக்கொண்டு வரும் முடிவல்ல, தனியாக யோசித்து எடுக்க வேண்டியது. கடைசி நாட்களில் ஏற்றிய நீர் நுரையீரலிலும் கால்களிலும் தேங்கலாம், தொண்டைக் கரகரப்பைக் கூட்டலாம். தூங்குகிறவருக்கு ஸ்பூனால் ஊற்றுவது ஆபத்து, நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வாய் உலர்வதுதான் தாகமாக உணரப்படுகிறது, அதற்கு வைத்தியம் கைவசமே இருக்கிறது. ஈரப் பஞ்சால் உதட்டையும் ஈறையும் நாக்கையும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள், உதட்டில் களிம்பு தடவுங்கள். இதை வீட்டார் கையில் கொடுப்பதையே விரும்புவேன். செவிலியருக்கு நேரமில்லை என்பதற்காக அல்ல. அவருக்கு இப்போது உண்மையிலேயே தேவைப்படுகிற வேலை அது.

இங்கே இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன். இன்னும் பல வாரமோ மாதமோ வாழக்கூடிய, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து நீரும் நிறுத்தினால், அவர் நோயால் இறக்கமாட்டார், நீரில்லாமல் இறந்துபோவார். அப்போது மயக்கம் ஆயுளைக் குறைத்துவிட்டது என்பது உண்மையாகிவிடும். மரணம் நாட்கணக்கில் இருக்கும்போது மட்டுமே தொடர் மயக்கம் என்ற விதி இதைத் தடுக்கத்தான். நாட்கள் இன்னும் அதிகம் என்று தோன்றினால் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் தூங்க வைத்து, பிறகு மருந்தைக் குறைத்து எழுப்பிப் பார்க்கும் முறை இருக்கிறது. தூக்கமின்மையால் நொறுங்கிப்போன சிலர் அந்த ஓய்வுக்குப் பிறகு தெளிவாகவே விழிப்பதுண்டு.

ஊசியா, நோயா

விதிகளை மதித்துச் செய்தால் ஆயுள் குறைகிறதா? இத்தாலியில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் வயது, நோய் முதலியவற்றில் பொருத்தி, மொத்தம் ஐந்நூறுக்கு மேற்பட்டோரை ஒப்பிட்டார்கள். மருத்துவப் பராமரிப்பில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், மயக்கம் பெற்றவர்கள் இடைநிலையாகப் பன்னிரண்டு நாட்களும் பெறாதவர்கள் ஒன்பது நாட்களும் வாழ்ந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு பதினாலு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மயக்கம் மரணத்தை விரைவுபடுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் நடந்ததைக் கவனித்து எழுதிய ஆய்வுகள். தவித்துக்கொண்டிருப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தை மறுக்க எந்த நியாயமும் இல்லாததால், அதைவிட உறுதியான ஆய்வு வரப்போவதில்லை. அதே தொகுப்பாய்வு, மயக்கத்துக்குப் பிறகும் சிலருக்குச் சன்னி முழுவதுமாக அடங்கவில்லை என்றும் சொன்னது. அதனால் "இனி ஒரு துன்பமும் இருக்காது" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

கருணைக்கொலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சிலர் நேராகவே கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே உயிர் போகும் அளவுக்கு மருந்து கொடுக்கப்படும், உயிர் போனால் செயல் முடிந்தது. இங்கே தவிப்பு அடங்கும் அளவுக்கு மருந்து, தவிப்பு அடங்கினால் செயல் வெற்றி. எண்ணம் நல்லது என்று சொல்லிக்கொள்வது மட்டும் போதாது. எண்ணம் கொடுத்த அளவில் தெரிய வேண்டும். 2.5, 2.5, நாளுக்குப் பத்து, பிறகு இருபது, அங்கேயே நிறுத்தம் என்பது தவிப்பைத் துரத்திப் போன அளவு. அமைதியாகத் தூங்குகிறவருக்குக் காரணம் எழுதாமல் மணிக்கு மணி ஏறியிருந்தால் அது வேறு கதை, அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

அதனால் வாரங்கள் கழித்து அந்தக் கேள்வியோடு வருகிறவருக்கு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பாமல் மருந்துப் பதிவேட்டைத் திறந்து காட்டுவதையே நான் விரும்புகிறேன். உங்கள் வீட்டில் இது நடந்திருந்தால், பார்த்த மருத்துவரிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு, எதற்காக, அரை மணி நேரம் கழித்து முகம் எப்படியிருந்தது, மூச்சு எப்போது மாறியது, அதற்கு முன் கடைசியாக அளவு ஏறியது எப்போது என்று வரிவரியாகக் கேளுங்கள். நம் உதாரணத்தில் பம்ப் கடைசியாக ஏறியதற்கும் மூச்சு மாறியதற்கும் நடுவே இருபது மணி நேரம் இருந்தது, புரட்டுவதற்கு முன் போட்ட சிறு ஊசிக்கும் அதற்கும் நடுவே ஆறு மணி நேரம். அந்த இடைவெளியில் அவர் கூப்பிட்ட குரலுக்குக் கண் திறந்திருக்கிறார் என்று செவிலியரின் கையெழுத்தில் பதிவாகியிருக்கிறது.